விதிகள் அடங்கிய குறிப்பு வந்தால் என்ன பதில் எழுதுவது?

கேள்வி

நான் கோண்டாவிலில் வீட்டிலிருந்தபடி, இலண்டனில் உள்ள ஓர் இணையத் துணிக்கடைக்காக வாடிக்கையாளர்களின் மின்னஞ்சல்களுக்குத் தமிழில் பதில் எழுதுகிறேன். வாரக் கொடுப்பனவு. பிற்பகல் 2 மணியிலிருந்து 6 மணிவரை வேலை. 6.30க்கு அயல் பிள்ளைகளுக்கு ரியூசன் வகுப்பு எடுக்கிறேன்.

மார்ச் இறுதியில் தொடங்கியபோது நான்கு பக்கக் குறிப்பு ஒன்றை கூகிள் ஆவணமாக அனுப்பினார்கள். கடை பற்றிய விபரம், அஞ்சற்பெட்டிக்குள் நுழையும் முறை, வேலை நேரம், பிறகு பதில்களின் தொனி, நீளம் பற்றி 16 விதிகள். நான் மரியாதையாகப் பதில் எழுதி, 16 விதிகளையும் என் சொற்களில் ஒவ்வொன்றாகத் திருப்பி எழுதினேன். முகாமையாளர் இரண்டே வரியில் பதில் போட்டார்: "குறிப்பில் என்ன இருக்கிறது என்று எனக்குத் தெரியும். நீங்கள் தொடங்கத் தயாரா என்பதுதான் தெரியவில்லை." எனக்கு வெட்கமாகப் போய்விட்டது.

இப்போது ஒக்டோபர் 20 ஆம் திகதியிட்ட புதிய குறிப்பு வந்திருக்கிறது. 27 ஆம் திகதி திங்கட்கிழமையிலிருந்து நடைமுறை. வேலை நேரம் காலை 9.30 முதல் 1.30 வரை என்று முன்போலவே இருக்கிறது. எந்தப் பதிலும் 80 சொற்களைத் தாண்டக் கூடாது. பணம் திருப்பிக் கேட்பவர்களுக்கு அவர்கள் தந்த பந்தியை முழுமையாகச் சேர்க்க வேண்டும். அந்தப் பந்தி மட்டுமே 95 சொற்கள். வயதானவர்களையும் முதற்பெயரால்தான் விளிக்க வேண்டுமாம். புதிதாக 17 ஆம் விதி: 80 சொற்களைத் தாண்டும் ஒவ்வொரு பதிலுக்கும் வாரக் கொடுப்பனவில் 5 வீதம் குறைக்கப்படும்.

வங்கியில் வேலை செய்யும் அத்தான், "எல்லாவற்றையும் வரிசையாக எழுதி, ஏற்றுக்கொள்கிறேன் என்று போடு. நாளைக்குப் பிரச்சினை வந்தால் அதுதான் உனக்குப் பாதுகாப்பு" என்கிறார். எனக்கோ "கிடைத்தது" என்று ஒரு சொல்லோடு விட்டுவிடலாமா என்று இருக்கிறது. நான்கு நாட்களாக எந்தப் பதிலும் அனுப்பவில்லை. எது சரி?

— வாசகி, கோண்டாவில்

சட்டத்தரணியின் பதில்

அன்புள்ள வாசகிக்கு,

அத்தான் சொன்னபடி எழுதாதீர்கள். ஒரு சொல்லோடும் விட்டுவிடாதீர்கள். ஆனால் இன்றைக்கே ஏதாவது எழுதுங்கள், ஏனென்றால் மூன்றிலும் ஆபத்தானது நீங்கள் இப்போது செய்துகொண்டிருப்பதுதான். புதிய நிபந்தனை கைக்கு வந்த பிறகு, வாய் திறக்காமல் 27 ஆம் திகதி வேலையைத் தொடங்கினால், அந்த நிபந்தனையோடுதான் தொடங்கினீர்கள் என்று மற்றத் தரப்பு வாதிட இடம் கிடைக்கும். வெறும் மௌனத்தைச் சம்மதம் என்று சட்டம் பொதுவாக எடுத்துக்கொள்வதில்லை. மௌனமாக இருந்துகொண்டு வேலையையும் செய்வது வேறு விடயம். நடத்தையாலும் ஓர் ஒப்பந்தத்தை ஏற்கலாம்.

முகாமையாளரின் அந்த இரண்டு வரி உங்கள் தமிழைக் குறைசொல்வதாக நீங்கள் எடுத்துக்கொண்டதுபோல் தெரிகிறது. நான் அப்படி வாசிக்கவில்லை. அவர் ஒரு விடயத்தை அறியக் காத்திருந்தார்: கடவுச்சொல் வேலை செய்கிறதா, திங்கட்கிழமை ஆள் இருப்பாரா? அவருக்கு வந்ததோ அவர் தானே எழுதிய 16 விதிகள், வேறு சொற்களில். அவற்றைத் தன் மூலத்தோடு ஒப்பிட்டுப் பார்க்கும் வேலை அவர் தலையில் விழுந்தது. அதற்கும் மேலாக, நீளத்தையும் தொனியையும் பற்றிய குறிப்பு ஒன்றுக்கு நீங்கள் எழுதும் பதில்தான் அவர் கண்ணில் படும் உங்கள் முதல் மாதிரி எழுத்து. சுருக்கமாக எழுதச் சொன்னவருக்கு இரண்டு பக்கம் போனால், விதிகளை மனப்பாடம் செய்திருக்கிறீர்கள் என்பது தெரியும். கடைப்பிடிப்பீர்களா என்பது தெரியாது. தொனியையும் நீளத்தையும் பற்றிய விதிகளுக்கு நீங்கள் கொடுக்கக்கூடிய ஒப்புதல் அந்தத் தொனியில், அந்த நீளத்தில் எழுதப்பட்ட பதில்தான். "சுருக்கமாக எழுதுவேன்" என்று எழுத ஒரு வரி செலவழிப்பது அந்த வரியளவு நீளத்தைக் கூட்டுகிறது, அவ்வளவே.

வரிசையாகத் திருப்பி எழுதுவது ஏன் பாதுகாப்பல்ல

அத்தானின் எண்ணம் நல்லது. வங்கியில் வேலை செய்பவருக்கு எல்லாம் எழுத்தில் இருக்க வேண்டும் என்ற பழக்கம் இருக்கும். ஆனால் ஒன்றை அவர் யோசிக்கவில்லை. குறிப்பு ஏற்கெனவே எழுத்தில் இருக்கிறது. அதை உங்கள் சொற்களில் மீண்டும் எழுதும்போது இரண்டாவது பதிப்பு ஒன்று பிறக்கிறது, இரண்டும் ஒன்றுபோல் இருக்கப்போவதில்லை. குறிப்பில் "80 சொற்களைத் தாண்டக் கூடாது" என்று இருப்பதை நீங்கள் "ஏறத்தாழ 80 சொற்களுக்குள்" என்று எழுதிவிடலாம். எண்பத்தாறு சொல்லில் ஒரு பதில் போன நாளில், எந்த வாசகம் செல்லும் என்ற கேள்வி எழும். ஒப்பந்தச் சட்டத்தில் ஏற்பு என்பது முன்மொழிவோடு பொருந்தி நிற்க வேண்டும்; முக்கியமான ஒன்றை மாற்றி ஏற்றால் அது ஏற்பாகாமல் எதிர் முன்மொழிவாகிவிடும். நீங்கள் எதையும் மாற்ற நினைத்திருக்கவே மாட்டீர்கள். சுருக்கி எழுதும் கை தானாகவே மாற்றிவிடுகிறது.

பட்டியலில் ஒன்றிரண்டு விடுபட்டால் இன்னொரு சங்கடம். 17இல் 15ஐ எழுதினீர்கள் என்றால், மற்ற இரண்டையும் கவனிக்கவில்லையா, ஏற்கவில்லையா, மறந்தீர்களா என்று எதிரில் இருப்பவர் யோசிப்பார். பட்டியல் போடத் தொடங்கியவர் முழுவதையும் போட்டாக வேண்டும். எதையும் போடாதவருக்கு அந்தத் தொல்லை இல்லை.

மூன்றாவது உங்கள் நிலைமைக்கே உரியது, மூன்றிலும் பெரியது. "கீழுள்ளவற்றை ஏற்றுக்கொள்கிறேன்" என்று தலைப்பிட்டு 17 விதிகளையும் வரிசையாக எழுதினால், கொடுப்பனவைக் குறைக்கும் அந்த விதியை உங்கள் கைப்பட ஏற்றவராவீர்கள். இதுவரை அது அவர்கள் முன்வைத்த ஒன்று. பட்டியல் போன பிறகு அது நீங்கள் ஒத்துக்கொண்ட ஒன்று. பாதுகாப்புக்காக எழுதியது நேரெதிராக வேலை செய்யும்.

அப்படியானால் நாளைக்கு "குறிப்பில் இப்படி இருந்தது, இல்லை அப்படி இருந்தது" என்ற சர்ச்சை வந்தால் என்ன செய்வது என்று கேட்பீர்கள். கேட்க வேண்டிய கேள்விதான். நாங்கள் உறுதி எழுதும்போது முந்தைய உறுதியை மீண்டும் எழுதி வைப்பதில்லை. அதன் இலக்கத்தையும் திகதியையும் சாட்சிப்படுத்திய நொத்தாரிசின் பெயரையும் சொல்லிவிட்டால் போதும். எந்த ஆவணத்தைப் பற்றிப் பேசுகிறோம் என்பது அசையாமல் நிற்கும். உங்களுக்கும் அதுதான் வேண்டும். ஆனால் உங்கள் குறிப்பு கூகிள் ஆவணமாக இருக்கிறது. இன்று வாசித்த அதே இணைப்பில் நாளை வேறு வாசகம் இருக்கலாம், உங்களுக்கு அறிவித்தல்கூட வராமல் போகலாம். பார்வையிட மட்டும் அனுமதி உள்ளவர்களுக்கு ஆவணத்தின் பழைய பதிப்புகள் தெரிவதும் இல்லை. ஆகவே இன்றைக்கே அதை பி.டி.எப். கோப்பாக இறக்கி, நீங்கள் அனுப்பும் பதிலோடு இணையுங்கள். "ஒக்டோபர் 20 ஆம் திகதியிட்ட குறிப்பு, இன்று இறக்கிய பிரதி இணைப்பில்" என்ற ஒரு வரி, 17 விதிகளைத் திருப்பி எழுதுவதைவிட உறுதியாக நிற்கும், ஏனென்றால் அவர்களுடைய சொற்களே அங்கே இருக்கும். (கடவுச்சொல் எழுதியுள்ள பக்கத்தை மட்டும் இணைப்பிலிருந்து எடுத்துவிடுங்கள். அஞ்சலில் கடவுச்சொல் உலாவுவது நல்லதல்ல.)

மின்னஞ்சல் என்பதால் அது சான்றாகாது என்ற பயம் நம்மவர் பலருக்கு இன்னும் இருக்கிறது. 2006 ஆம் ஆண்டின் 19 ஆம் இலக்க இலத்திரனியல் கொடுக்கல்வாங்கல்கள் சட்டத்தின்படி, இலத்திரனியல் வடிவில் இருக்கிறது என்ற ஒரே காரணத்துக்காக ஒரு செய்திக்குச் சட்ட வலு இல்லை என்று சொல்ல முடியாது. ஒப்பந்தத்தின் முன்மொழிவும் ஏற்பும் மின்னஞ்சலிலேயே நடக்கலாம். காணி விற்பனை, மரணசாசனம் போன்ற சில மட்டும் இந்தச் சட்டத்துக்கு வெளியே நிற்கின்றன. நீங்கள் எழுதுவது அந்த வகையல்ல.

"கிடைத்தது" என்றால் ஏற்றதாகுமா

ஆகாது. ஆனால் அந்த ஒரு சொல் எதைச் சொல்கிறது என்பது நீங்கள் நினைப்பதைவிடக் குறைவு. ஐக்கிய நாடுகளின் சர்வதேச வர்த்தகச் சட்ட ஆணைக்குழு 1996இல் இலத்திரனியல் வர்த்தகத்துக்கென ஒரு மாதிரிச் சட்டம் வெளியிட்டது. அதன் 14 ஆம் உறுப்புரை பெறுகை ஒப்புதலைப் பற்றியது. ஒப்புதலுக்கு இன்ன வடிவம் என்று முன்கூட்டியே பேசிக்கொள்ளாவிட்டால், எந்தச் செய்தியாலும், ஏன், போதிய அளவு தெளிவான நடத்தையாலும்கூட அதைக் கொடுக்கலாம் என்கிறது. ஒப்புதல் வந்துவிட்டால், செய்தி போய்ச் சேர்ந்தது என்று அனுமானிக்கலாம். ஆனால் அனுப்பிய உள்ளடக்கமும் பெற்ற உள்ளடக்கமும் ஒன்றுதான் என்று அந்த அனுமானம் சொல்லாது என்று அதே உறுப்புரை தெளிவாகப் பிரித்து வைக்கிறது. சம்மதத்தைப் பற்றியோ அது பேசவே இல்லை.

எனவே மூன்று விடயங்கள் தனித்தனியாக இருக்கின்றன: வந்து சேர்ந்தது, வாசித்தேன், சம்மதிக்கிறேன். "கிடைத்தது" முதலாவதை மட்டும் சொல்லும். முகாமையாளர் இரண்டாவதையும், தொடங்குவீர்களா என்பதையும் கேட்கிறார். மூன்றாவதை எந்தெந்த விதிக்குக் கொடுப்பது, எதற்குக் கொடுக்காமல் விடுவது என்பது உங்கள் கையில் இருக்கிறது. ஒரே சொல்லோடு விட்டால் அந்த வாய்ப்பை நீங்களாகவே கைவிடுகிறீர்கள்.

எதைத் திருப்பிச் சொல்ல வேண்டும்

எதையுமே திருப்பிச் சொல்ல வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. பலாலியில் இறங்கும் விமானத்தின் விமானி, கட்டுப்பாட்டுக் கோபுரம் சொல்வதையெல்லாம் திருப்பிச் சொல்வதில்லை. சர்வதேச சிவில் விமானப் போக்குவரத்து அமைப்பின் விதிகளின்படி, எந்த ஓடுபாதை, எந்த உயரம், இறங்க அனுமதி உண்டா என்பன போன்ற பாதுகாப்போடு தொடர்புடைய பகுதிகளைத் திருப்பிச் சொல்லியே ஆக வேண்டும். மற்றவற்றுக்குப் பெற்றுக்கொண்டேன் என்பது போதும். பிழையாக விளங்கிக்கொண்டால் பின்னர் திருத்த நேரமில்லாத விடயங்கள் எவை என்று பார்த்து, அவற்றுக்கு மட்டும் அந்தச் சிரமத்தை வைத்திருக்கிறார்கள்.

உங்கள் குறிப்பை இந்தக் கண்ணோடு பாருங்கள். ஆச்சரியக்குறி போடாதீர்கள் என்ற விதியை ஒருநாள் மறந்தால் அவர் சுட்டிக்காட்டுவார், நீங்கள் திருத்துவீர்கள். அதைத் திருப்பிச் சொல்லத் தேவையில்லை. ஆனால் வேலை நேரம்? "காலை 9.30" என்பதற்குப் பக்கத்தில் எந்த ஊர் நேரம் என்று இல்லை. இலண்டன் நேரம் என்று நீங்கள் மார்ச்சில் சரியாகவே எடுத்துக்கொண்டீர்கள். கோடையில் நமக்கும் அவர்களுக்கும் நான்கரை மணி வித்தியாசம் என்பதால் அது பிற்பகல் 2 மணி. ஒக்டோபர் மாதத்தின் கடைசி ஞாயிற்றுக்கிழமை பிரித்தானியாவில் கடிகாரத்தை ஒரு மணி நேரம் பின்னுக்கு வைக்கிறார்கள். அன்றிலிருந்து வித்தியாசம் ஐந்தரை மணி. அதாவது குறிப்பில் ஓர் எழுத்துக்கூட மாறாமலே, 27 ஆம் திகதி உங்கள் வேலை பிற்பகல் 3 மணிக்குத் தொடங்கி மாலை 7 மணிக்கு முடிகிறது. உங்கள் ரியூசன் பிள்ளைகள் 6.30க்கு வாசலில் நிற்பார்கள். "வேலை நேரம் முன்போலவே" என்று நீங்கள் எழுதியிருப்பதைப் பார்த்தால், இது உங்கள் கண்ணில் படவில்லை என்று நினைக்கிறேன். குறிப்பின் சொற்களையே பார்த்து எழுதியிருந்தால் "காலை 9.30 முதல் 1.30 வரை" என்று நீங்களும் எழுதியிருப்பீர்கள், பிழை ஒளிந்தே இருந்திருக்கும். திருப்பிச் சொல்வதாக இருந்தால் உங்கள் பக்கத்துக் கணக்கில் மாற்றிச் சொல்லுங்கள்: யாழ்ப்பாண நேரம் பிற்பகல் 3 மணி. அப்போதுதான் இருவரும் ஒரே மணியைப் பற்றிப் பேசுகிறீர்களா என்று தெரியவரும்.

இன்னொன்று, 80 சொல் வரம்பும் 95 சொல் பந்தியும். இரண்டையும் ஒரே கடிதத்தில் கடைப்பிடிக்க முடியாது. இப்படி இரண்டு விதிகள் மோதும் இடத்தில் நீங்களாக ஒன்றைத் தெரிவுசெய்துவிட்டு இருக்காதீர்கள், முக்கியமாக அதில் ஒன்றை மீறினால் பணம் குறையும் என்று எழுதியிருக்கும்போது. கேளுங்கள். முதல் நாளிலேயே பணம் திருப்பக் கேட்டு ஒரு கடிதம் வரலாம், ஆகவே இது இப்போதே கேட்க வேண்டிய கேள்வி.

முதற்பெயர் விடயம் அப்படியல்ல. எழுபது வயது அம்மாவை வெறும் பெயர் சொல்லி விளிப்பது நமக்குக் கூசும், உங்களோடு உடன்படுகிறேன். ஆனால் அதை ஒப்புதல் கடிதத்தில் வாதமாக எழுதாதீர்கள். வேலையைத் தொடங்க அது தடையில்லை, புதிய குறிப்பின்படி எழுதிய உங்கள் பதில்களை அவர் இன்னும் பார்க்கவும் இல்லை. இரண்டு வாரம் கழித்து, வாடிக்கையாளர் யாராவது முகம் சுளித்து எழுதிய கடிதம் இருந்தால் அதோடு சேர்த்து, "60 வயதுக்கு மேற்பட்டவர் என்று தெரிந்தால் பெயரோடு அம்மா, ஐயா சேர்க்கலாமா" என்று ஒரு வரியில் கேளுங்கள். அவர் கடைக்கு வருமானம் சம்பந்தப்பட்ட விடயம் என்று தெரிந்தால் கேட்பார்.

அனுப்ப வேண்டிய இரண்டு அஞ்சல்கள்

ஒன்றுக்குள் எல்லாவற்றையும் போடாதீர்கள். குறிப்புக்கான ஒப்புதல் ஓர் அஞ்சல், 17 ஆம் விதி வேறோர் அஞ்சல். பணத்தைப் பற்றிய மறுப்பைத் தொனி, நீளம் பற்றிய பேச்சுக்குள் நுழைத்தால் அது கண்ணில் படாமல் போகும், அல்லது முழுக் கடிதமும் முறைப்பாடுபோல் ஒலிக்கும். முதலாவது இப்படி இருக்கலாம்:

> வணக்கம். ஒக்டோபர் 20 ஆம் திகதியிட்ட குறிப்பை முழுவதும் வாசித்தேன். இன்று இறக்கிய பிரதியை இணைத்துள்ளேன். 27 ஆம் திகதி முதல் அதில் உள்ளபடி பதில்களை எழுதுகிறேன். இரண்டு கேள்விகள். இலண்டன் கடிகாரம் மாறுவதால் காலை 9.30 என்பது எனக்குப் பிற்பகல் 3 மணியாகும். 2 மணிக்கே தொடங்கி 6 மணிக்கு முடிக்கலாமா? பணம் திருப்பும் பந்தி மட்டுமே 95 சொற்கள். அக்கடிதங்களுக்கு 80 சொல் வரம்பு பொருந்துமா? கொடுப்பனவு பற்றிய 17 ஆம் விதி இதில் அடங்காது. அதற்குத் தனியாக எழுதுகிறேன்.

எண்ணிப் பாருங்கள், 80 சொற்களுக்குள் நன்றாகவே அடங்கும். "தங்கள் மேலான குறிப்பு கிடைக்கப்பெற்று மட்டற்ற மகிழ்ச்சி அடைகிறேன்" என்ற வகை முன்னுரை இல்லை. (சட்டத்தரணிகளின் கடிதங்களில் அந்த வகை வரிகள் இன்னும் சாகாமல் இருக்கின்றன, அதைப் பார்த்துப் பழகாதீர்கள்.) "வாசித்தேன்" என்று வாயால் சொல்வதைவிட, நேரத்தையும் 95 சொற்களையும் பற்றிய கேள்விகளே நீங்கள் கடைசிப் பக்கம்வரை வாசித்தீர்கள் என்பதைக் காட்டிவிடும்.

கடைசி வரியை மட்டும் எக்காரணம் கொண்டும் வெட்டிவிடாதீர்கள். அதற்கு முன் "அதில் உள்ளபடி எழுதுகிறேன்" என்று பொதுவாகச் சொல்லியிருக்கிறீர்கள். பொதுவான சம்மதம் கொடுக்கும் இடத்திலேயே விலக்கையும் சொல்லிவிட வேண்டும். இரண்டு நாள் கழித்துச் சொன்னால், முதலில் ஏற்றுவிட்டுப் பின்னர் மனம் மாறியதாக அது வாசிக்கப்படும்.

இரண்டாவது அஞ்சல் அதே நாளில், 27 ஆம் திகதிக்கு முன்னர்:

> வணக்கம். 17 ஆம் விதி மார்ச் மாதக் குறிப்பில் இருக்கவில்லை. நீளமான பதில்களுக்காகக் கொடுப்பனவைக் குறைப்பதை நான் ஏற்கவில்லை. நாம் பேசிக்கொண்ட தொகையின்படி தொடர்ந்து வேலை செய்கிறேன். 80 சொற்களைத் தாண்டிய பதில் இருந்தால் சுட்டிக்காட்டுங்கள். அன்றைக்கே திருத்தித் தருகிறேன். இதுபற்றிப் பேச இந்த வாரம் உங்களுக்கு எந்த நேரம் வசதி?

இதில் கோபம் இல்லை, "உரிமை", "சட்ட நடவடிக்கை" போன்ற சொற்களும் இல்லை. வேண்டுமென்றே விட்டிருக்கிறேன். அவருக்கு உண்மையில் வேண்டியது சுருக்கமான பதில்கள். அதை வேறு வழியில் தர முன்வருகிறீர்கள்.

சில இடங்களில் பட்டியல் வேண்டும்

விதிகள் வாய்மொழியாக வந்தால் நிலைமை தலைகீழ். முகாமையாளர் வட்ஸ்அப் அழைப்பில் ஆறு மாற்றங்களைச் சொன்னார் என்று வையுங்கள். அப்போது ஆவணம் என்று ஒன்று இல்லை. நீங்கள் எழுதுவதுதான் ஆவணமாகப்போகிறது. அழைப்பு முடிந்த கையோடு ஆறையும் எழுதி, "நான் விளங்கிக்கொண்டது இவை. பிழை இருந்தால் திருத்துங்கள்" என்று அனுப்புங்கள். அவரே "விதிகளை உங்கள் சொற்களில் எழுதிக் காட்டுங்கள்" என்று கேட்டாலும் எழுதத்தான் வேண்டும்; கேட்டவருக்கு மறுப்பது முறையல்ல. அப்போதும் 17 ஆம் விதிக்குப் பக்கத்தில் "இது தனியாகப் பேசப்படுகிறது" என்று போட்டுவிடுங்கள். எழுத்தில் உள்ள குறிப்பில் பின்னர் ஓரிரு மாற்றம் வந்தால், மாறியதை மட்டும் சொன்னால் போதும்: "7 ஆம் விதி 80இலிருந்து 100 சொல்லாக மாறியதைப் பார்த்தேன், நாளையிலிருந்து அப்படியே." அன்றைய பிரதியையும் இறக்கி வையுங்கள்.

அவர் ஏற்க மறுத்தால்

"17 ஆம் விதி இல்லாமல் வேலை இல்லை" என்று அவர் சொல்லலாம். அப்படிச் சொல்ல அவருக்கு இடமும் இருக்கலாம், ஏனென்றால் நீங்கள் எழுதியதைப் பார்த்தால் வாராவாரம் கொடுப்பனவு பெறும் சுயாதீன எழுத்தர்போல் இருக்கிறீர்கள். உங்களை ஊழியராகக் கருத முடியுமா, எந்த நாட்டுச் சட்டம் பொருந்தும் என்பதெல்லாம் மார்ச் மாதக் குறிப்பையும் நீங்கள் இருவரும் பரிமாறிய அஞ்சல்களையும் பார்த்த பின்னர்தான் சொல்ல முடியும். குறிப்பின் கடைசிப் பக்கத்தில் "இங்கிலாந்துச் சட்டம் பொருந்தும்" என்ற மாதிரி ஒரு வரி இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தாலும் இல்லாவிட்டாலும், ஒரு வாரக் கொடுப்பனவில் குறைந்த சில ஆயிரம் ரூபாய்க்காக யாழ்ப்பாணத்திலிருந்து இலண்டன் கடை ஒன்றின் மீது வழக்குப் போடுவது நடைமுறையில் நடக்கும் காரியமல்ல. அதனால்தான் 27 ஆம் திகதிக்கு முன் அனுப்பும் அஞ்சலுக்கு இவ்வளவு அழுத்தம் கொடுக்கிறேன். பின்னர் பேச்சு வந்தால் உங்கள் கையில் இருக்கப்போவது அது ஒன்றுதான்.

அவர் விட்டுக்கொடுக்காமல், நீங்களும் வேலையை இழக்க விரும்பாமல் இருந்தால், விதியை முழுவதாக நீக்கக் கேட்பதை விட்டு எல்லை போடக் கேளுங்கள். பணம் திருப்பும் பந்தி உள்ள கடிதங்கள் கணக்கில் வரக் கூடாது. முதல் தடவை தாண்டியதற்குக் குறைப்புக் கூடாது, சுட்டிக்காட்டல் மட்டும். எந்தக் கடிதத்துக்காகக் குறைத்தார்கள் என்பதை அந்த வாரமே சொல்ல வேண்டும். ஒரு வாரத்தில் குறைக்கக்கூடிய மொத்தம் 5 வீதத்தைத் தாண்டக் கூடாது. இப்போதுள்ள வாசகத்தின்படி நான்கு பதில் நீண்டால் ஐந்தில் ஒரு பங்கு போய்விடும். இந்த நான்கில் இரண்டுக்கு அவர் இணங்கினால் அதை எழுத்தில் வாங்கிக்கொண்டு தொடருங்கள். ஒன்றுக்கும் இணங்காவிட்டால், மார்ச் மாதக் குறிப்பு, ஒக்டோபர் குறிப்பு, இந்த இரண்டு அஞ்சல்கள், இதுவரை பெற்ற கொடுப்பனவுகளின் வங்கிப் பதிவு ஆகியவற்றை எடுத்துக்கொண்டு ஊரில் உள்ள ஒரு சட்டத்தரணியை நேரில் பாருங்கள். அத்தானையும் கூட்டிச் செல்லுங்கள். வங்கிப் பதிவுகளை ஒழுங்காக எடுத்துத் தர அவரைவிட வசதியான ஆள் கிடைக்கமாட்டார்.